காளான் தாவரமா?

மும்பை மாதுங்காவின் காய்கறிச் சந்தையில் முருங்கைக்காய்க்கும் வாழைப்பூவுக்கும் அருகிலேயே காளான் பொட்டலங்களும் விற்பனைக்கு வைக்கப்படுகின்றன. பொட்டலத்தின் மேல் சதுரத்துக்குள் பச்சை வட்டம் ஒன்று அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். அதைக் கண்ட மாணவன் ஒருவன், ‘காய்கறிக் கடையில் விற்கிறார்கள், பச்சைக் குறியும் இருக்கிறது, ஆகவே காளான் தாவரந்தானே?’ என்று ஆசிரியரை வினவுவானாகில், அவ்வினாவில் பிழை இல்லை. ‘ஆம், ஆனால் பச்சையம் இல்லாத தாவரம்’ என்று ஆசிரியர் கூறும் விடையில்தான் பிழை இருக்கிறது. அந்த விடை நெடுங்காலம் பாடநூல்களில் இருந்து, இன்றும் பல வகுப்பறைகளில் வாய்மொழியாக வழங்கி வருகிறது. அதைக் கைவிடவேண்டும் என்பதற்குப் பெயர் திருத்தம் மட்டும் காரணமன்று. காளானில் என்ன சத்து இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று மக்களிடம் சொல்லும் கணக்கும் அதனாலேயே தவறிவிடுகிறது.

முதலில் பச்சைக் குறியைப் பார்ப்போம். இந்திய உணவுச் சட்டம் ‘அசைவம்’ என்பதற்குத்தான் வரையறை தருகிறது. விலங்கின் உடலோ, உடலின் பகுதியோ, விலங்கிலிருந்து பெறப்பட்ட பொருளோ கலந்த உணவு அசைவம். பாலும் பால் பொருள்களும் இதற்கு விலக்கு. இவ்வரையறைக்குள் வராதது எதுவாயினும் அதற்குப் பச்சைக் குறி இடப்படுகிறது. உப்புப் பொட்டலத்திலும் அக்குறி காணப்படுகிறது. அதனால் உப்பு தாவரமாகிவிடுவதில்லை. ‘இது விலங்கன்று’ என்பதே குறியின் பொருள்.

காளானைத் தாவரத்தோடு சேர்த்தவர்கள் அறியாமையால் சேர்க்கவில்லை. 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் தமது தாவர நூலில் பூஞ்சைகளைப் பூவாத் தாவரங்களின் வரிசையில் வைத்தார். உயிர்களுக்கு இரண்டே உலகங்கள் என்று கொண்ட காலம் அது. நடமாடாமல் ஓரிடத்தில் நின்று வளர்வது, உயிரணுக்களைச் சுற்றிக் கெட்டியான சுவர் இருப்பது ஆகியவற்றைக் கண்டவர்கள் காளானைத் தாவர உலகில் வைத்ததில் வியப்பில்லை. இந்தப் பழக்கம் எவ்வளவு வலுவானதென்றால், பெயரிடும் விதிகளின் தொகுப்பு ‘தாவரவியல் பெயரிடுவிதிகள்’ என்ற பெயரை விட்டு, ‘பாசிகள், பூஞ்சைகள், தாவரங்கள் ஆகியவற்றின் பெயரிடுவிதிகள்’ என்று மாறியதே 2011-ஆம் ஆண்டில் மெல்போர்னில் கூடிய மாநாட்டில்தான். நம் கல்லூரிகளில் இன்னும் பூஞ்சையியலைத் தாவரவியல் துறையே கற்பிக்கிறது. துறைகள் பிரிந்திருப்பது வசதியைப் பொறுத்தது. அதிலிருந்து உயிரினத்தின் உறவைப் பற்றி எதுவும் முடிவு செய்துவிட முடியாது.

மாற்றத்துக்கு வழிகோலியவர் அமெரிக்க ஆராய்ச்சியாளர் விட்டேக்கர். 1969-ஆம் ஆண்டில் அவர் முன்வைத்த ஐந்துலகப் பகுப்பில், பெரிய உடலமைப்புள்ள உயிர்களை மூன்று உலகங்களாகப் பிரித்தார். பிரிவினைக்கு அவர் முதன்மையாக எடுத்துக்கொண்டது உணவு பெறும் முறை. தாவரம் ஒளியைக்கொண்டு உணவைச் சமைக்கிறது. விலங்கு உணவை விழுங்கி உள்ளே செரிக்கிறது. பூஞ்சையோ உணவுக்குள்ளேயே குடியிருந்து, செரிமான நொதிகளை வெளியே கசியவிட்டு, வெளியிலேயே செரித்து, கரைந்துவந்த சத்தை உறிஞ்சிக்கொள்கிறது. விலங்குக்கு வயிறு உள்ளே இருக்கிறதென்றால், பூஞ்சை தன் வயிற்றுக்குள்ளேயே வாழ்கிறது என்று கூறினும் பெரிதும் தவறாகாது.

நாம் காளான் என்று பறித்து உண்பது அவ்வுயிரின் முழு உடலன்று. முழு உடல் என்பது மண்ணிலோ வைக்கோலிலோ மரக்கட்டையிலோ ஊடுருவிப் படர்ந்திருக்கும் நுண்ணிய வெண்ணிற இழைப்பின்னல். குடைபோல வெளிவருவது விதைத்தூள்களைப் பரப்புவதற்கான உறுப்பு மட்டுமே. ‘நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்தது’ என்று வழக்கில் கூறுகிறோம். உண்மையில் பல வாரங்களாக இழைகள் தின்று சேர்த்ததையே மழைநீர் ஒரே இரவில் பருக்க வைக்கிறது. தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றின் ஓரத்தில், பழைய குப்பைமேட்டின் மீது உருவாக்கப்பட்ட மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவில், மழைக்காலத்தில் விழுந்து கிடக்கும் கட்டைகளின் பட்டையை மெல்லப் பெயர்த்துப் பார்த்தால், இந்த வெள்ளை இழைகளை மாணவர்களுக்குக் காட்டலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். ‘பச்சையம் இல்லை, ஆகவே தாவரமன்று’ என்று ஆசிரியர் கூறிவிடலாகாது. வேலிகளின் மேல் மஞ்சள் நூல்போலப் படரும் அம்மையார் கூந்தல் கொடியை எடுத்துக்கொள்வோம். அதில் பச்சையம் அனேகமாக இல்லை. பிற செடிகளின் சாற்றை உறிஞ்சியே அது வாழ்கிறது. ஆயினும் அது பூக்கிறது, விதை இடுகிறது, மாச்சத்தைச் சேமிக்கிறது; அதன் உயிரணுச் சுவர் செல்லுலோஸ். பச்சையான முன்னோரிடமிருந்து பிறந்து பச்சையை இழந்த தாவரம் அது. இதற்கு நேர்மாறாக, உருளைக்கிழங்குச் செடியைக் கருக வைக்கும் நோயுயிர் பூஞ்சையைப் போலவே இழைவிட்டு உறிஞ்சி வாழ்ந்தும், பூஞ்சை உலகில் இன்று சேர்க்கப்படுவதில்லை. ஆகவே உணவு பெறும் முறை உறவைச் சுட்டும் நல்ல குறி. அதுவே முழுச் சான்றன்று. சான்று உடலின் பொருளிலும் பரம்பரையிலும் இருக்கவேண்டும். காளானின் உயிரணுச் சுவரில் செல்லுலோஸ் இல்லை. இறாலின் ஓட்டிலும் பூச்சிகளின் மேலோட்டிலும் உள்ள கைட்டின் இருக்கிறது. சேமிப்புப் பொருள் மாச்சத்தன்று, நமது ஈரலில் இருக்கும் கிளைக்கோஜன். 1993-ஆம் ஆண்டில் பால்டாஃப், பாமர் என்ற இருவர் பல புரதங்களின் அமைப்பை ஒப்பிட்டு, பூஞ்சைகள் தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவின என்று காட்டினர். அதன்பின் வந்த மரபணு ஆராய்ச்சிகளும் அதனையே உறுதிப்படுத்தின.

இவற்றைச் சொல்லிக் கற்பிப்பதைவிடச் செய்து காட்டுவது நன்று. அதற்குச் சிப்பிக் காளான் ஏற்றது. மும்பையின் மழைக்காலத் தட்பவெப்பம் அதற்கு ஒத்துவரும். தாராவியின் தமிழ்ப் பள்ளியொன்றில் ஒரு மூலை அறை கிடைத்தால் போதும். நன்கு உலர்ந்த வைக்கோல் 1 கிலோ எடுத்து, 5 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, 4 அல்லது 5 மணி நேரம் நீரில் ஊறவைத்து, பிறகு ஒரு மணி நேரம் கொதிநீரில் வேகவைக்கவேண்டும். வைக்கோலில் ஏற்கெனவே இருக்கும் வேறு பூஞ்சைகளை அடக்குவதே இதன் நோக்கம். பின்னர் நிழலில் பரப்பி, கையால் இறுகப் பிழிந்தால் நீர் சொட்டாத, ஆனால் உள்ளங்கை ஈரமாகும் பதத்துக்கு உலர்த்தி, பாலிதீன் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், ஓர் அடுக்கு காளான் வித்து என மாற்றிமாற்றி நிரப்பிக் கட்டி, பையில் சில துளைகள் இடவேண்டும். 15 முதல் 20 நாள்களில் பை முழுவதும் வெள்ளை இழை படர்ந்துவிடும். பையைக் கிழித்து நாளும் நீர் தெளித்துவந்தால், சில நாள்களில் காளான் மொட்டுகள் தோன்றும்.

நிறைக்கணக்கில்தான் இதன் பாடம் இருக்கிறது. 1 கிலோ உலர்ந்த வைக்கோலில் எல்லா அறுவடையும் சேர்த்து 700 கிராம் காளான் கிடைத்தது என்று கொள்வோம். அதில் பத்தில் ஒன்பது பங்கு நீர். உலர்ந்த பொருள் 70 கிராம் அளவே. அப்படியாயின் எஞ்சிய படுக்கையை வெயிலில் முற்றும் உலர்த்தி நிறுத்தால் 930 கிராம் இருக்கவேண்டுமல்லவா? இராது, அதைவிடத் தெளிவாகக் குறைவாகவே இருக்கும். காணாமற்போன பங்கு எங்கே? காளான் அதை மூச்சுவிட்டுத் தீர்த்துவிட்டது. கரியமிலவாயுவாகவும் நீராவியாகவும் அது அறைக் காற்றில் கலந்துவிட்டது. ஒரு தொட்டியில் கீரை வளர்த்தால் உலகில் உலர்ந்த பொருள் கூடுகிறது. ஒரு பையில் காளான் வளர்த்தால் குறைகிறது. தாவரத்துக்கும் காளானுக்கும் உள்ள வேற்றுமையை ஒரு தராசே சொல்லிவிடுகிறது. கணக்கு நேர்மையாக இருக்கவேண்டுமானால் இரண்டு செயல்களை மறக்கக்கூடாது. வேகவைக்கும்போது வைக்கோலின் கரையும் பொருள் கொஞ்சம் நீரோடு போய்விடும். ஆதலால் தொடங்கும்போதே 100 கிராம் வைக்கோலைத் தனித் துணிப்பையில் கட்டி, மற்றதோடு சேர்த்து ஊறவைத்து வேகவைத்து, பின் அதை மட்டும் முற்றும் உலர்த்தி நிறுத்து, எவ்வளவு கரைந்துபோயிற்று என்று அறிந்துகொள்ளவேண்டும். வித்தாக இட்ட தானியத்தின் எடையையும் வரவில் சேர்க்கவேண்டும்.

தாராவி போன்ற நெருக்கமான இடத்தில் இச்சோதனை தவறுவதற்கும் வாய்ப்புண்டு. தவறே பாடமாகவும் ஆகும். அறை காற்றோட்டமின்றி இருந்தால், காளானின் தண்டு நீண்டு மெலிந்து, குடை சிறுத்துப்போகும். ‘இருட்டில் வைத்த செடி நீள்வதுபோல வெளிச்சத்துக்கு ஏங்குகிறது’ என்று மாணவர் சொல்லக்கூடும். காரணம் பெரும்பாலும் அதுவன்று. தான் விட்ட கரியமிலவாயு தன்னைச் சுற்றித் தேங்கிவிட்டதே காரணம். காலையிலும் மாலையிலும் சன்னலைத் திறந்துவைத்தால் அடுத்த அறுவடையில் குடை விரிவதைக் காணலாம். மெல்லிய வெளிச்சமும் அதற்கு வேண்டும். ஆனால் அது உணவன்று, உருவெடுக்க ஒரு சைகை மட்டுமே. இன்னொன்று: பையில் பச்சைத் திட்டுகள் தோன்றினால், காளானில் பச்சையம் வந்துவிட்டதென்று எவரும் மகிழவேண்டா. அது டிரைக்கோடெர்மா என்னும் வேறொரு பூஞ்சையின் விதைத்தூள் நிறம். வைக்கோல் சரியாக வேகவில்லை அல்லது ஈரம் மிகுதி என்பதற்கு அது அடையாளம். அந்தப் பையை உடனே அகற்றிவிடவேண்டும். குடையின் விளிம்பு மேல்நோக்கிச் சுருளும் முன்பே அறுவடை செய்வதும் முக்கியம். முதிர்ந்த சிப்பிக் காளான் உதிர்க்கும் தூள் சிறிய அறையில் இருப்போருக்கு இருமலையும் மூச்சுத் திணறலையும் உண்டாக்கும்.

மாச்சத்துச் சோதனை இன்னும் எளிது. மருந்துக்கடை அயோடினை வெளிறிய தேநீர் நிறம் வரும்வரை நீர்த்து, உருளைக்கிழங்குத் துண்டின்மேல் ஒரு துளியும், காளான் துண்டின்மேல் ஒரு துளியும் விடுக. கிழங்கு கருநீலமாகும், காளான் பழுப்பாகவே நின்றுவிடும்.

காளான் எப்படி உண்கிறது என்பது, அதை உண்பவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் தீர்மானிக்கிறது. களப்பணியாளருக்கு முக்கியமான செய்தி இங்குதான் இருக்கிறது. இங்குதான் தவறான பிரசாரமும் மிகுதி. காளானில் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் புரதம் என்றும், அது சைவருக்குரிய இறைச்சி என்றும் துண்டுத் தாள்களில் அச்சிட்டு வழங்குகிறார்கள். அந்தக் கணக்கு எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம்.

சந்தையில் வாங்கிய 200 கிராம் மொட்டுக் காளானை எடுத்துக்கொள்வோம். அதில் நூற்றுக்கு 92 பங்கு நீர் என்றால், உலர்ந்த பொருள் 16 கிராம். சோதனைச் சாலையில் புரதத்தை நேரடியாக அளப்பது வழக்கமில்லை. உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25 என்ற எண்ணால் பெருக்குவார்கள். உணவிலுள்ள நைட்ரஜன் முழுவதும் புரதத்தில் இருக்கிறது என்ற அனுமானம் அதில் அடங்கியிருக்கிறது. உலர்ந்த பொருளில் நைட்ரஜன் நூற்றுக்கு 5.5 என்று கொண்டால், 16 கிராமில் நைட்ரஜன் 0.88 கிராம். 6.25-ஆல் பெருக்கினால் 5.5 கிராம். 16 கிராமில் 5.5 கிராம் என்றால் நூற்றுக்கு 34. துண்டுத் தாளின் எண் இதுதான்.

ஆனால் காளான் தாவரமன்று. அதன் சுவரிலுள்ள கைட்டினிலும் நைட்ரஜன் இருக்கிறது. அது புரதமன்று, நம் குடல் அதைப் பெரும்பாலும் செரிப்பதுமில்லை. யூரியா போன்ற வேறு நைட்ரஜன் பொருள்களும் உண்டு. அரிசியின் சுவரிலோ கீரையின் சுவரிலோ உள்ள செல்லுலோஸில் நைட்ரஜனே கிடையாது. ஆகவே அங்கே இந்தப் பிழை இவ்வளவு பெரிதாக நேர்வதில்லை. இதனை அறிந்த ஆராய்ச்சியாளர்கள், காளானின் நைட்ரஜனில் நூற்றுக்கு 70 பங்கே செரிக்கத்தக்க புரதத்தைச் சேர்ந்தது என்று மதிப்பிட்டு, 6.25-க்குப் பதிலாக 4.38 என்ற எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். அதன்படி நமது பொட்டலத்தில் புரதம் 3.9 கிராம் அளவே. கோழிமுட்டை ஒன்றில் ஏறத்தாழ 6 கிராம் இருக்கிறது. 30 கிராம் துவரம்பருப்பில் 6 கிராமுக்குச் சற்று மேல் இருக்கிறது. உலர்ந்த காளானின் விகிதத்தை ஈரமான முட்டையின் விகிதத்தோடு ஒப்பிட்டுக் காட்டுவது கணக்கன்று, கண்கட்டு. செம்பூரிலோ தாராவியிலோ வாரக் கூலியில் குடும்பம் நடத்தும் ஒரு தாயிடம், குழந்தையின் புரதத்துக்காகப் பருப்பையும் முட்டையையும் குறைத்துக் காளான் வாங்கச் சொல்வது பொறுப்பான ஆலோசனை ஆகாது. காளானின் புரதம் தரத்தில் தாழ்ந்ததன்று, அளவில்தான் குறைவு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. காய்கறிகளில் கிடைக்காத ஒன்றைக் காளான் தரவல்லது. அதுவும் அதன் உலகத்தின் காரணமாகவே. விலங்குகளின் உயிரணுச் சவ்வில் கொலஸ்டிரால் இருக்கும் இடத்தில் காளானில் எர்கோஸ்டிரால் இருக்கிறது. நமது தோலிலுள்ள கொலஸ்டிரால் இனப்பொருள் வெயில் பட்டு வைட்டமின் டி ஆவதுபோல, எர்கோஸ்டிராலும் வெயிலிலுள்ள புறஊதாக் கதிர் பட்டு வைட்டமின் டி-2 ஆகிறது. கீரையை எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் இவ்வாறு ஆகாது. கடைக்கு வரும் மொட்டுக் காளான் இருட்டறையில் வளர்ந்தது. அதில் இந்த வைட்டமின் அற்பமே. அதைத் துண்டாக்கி, செதிலடுக்கு மேல்நோக்கி இருக்குமாறு தட்டில் பரப்பி, நண்பகல் நேரத்து வெயிலில் ஒரு மணி வரை வைத்தால், 100 கிராமில் 10 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் உண்டாகும். ஒரு நாளைக்கு வேண்டியது 15 மைக்ரோகிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்திருப்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரத்தத்தில் நிலைத்து நிற்பதில் டி-2, விலங்குகளிலிருந்து வரும் டி-3-ஐவிடச் சற்றுப் பின்தங்கியதே. ஆயினும் மீனும் முட்டையும் உண்ணாத வீட்டில் இது புறக்கணிக்கத்தக்கதன்று.

கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் வைத்தால் பயனில்லை. கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும். ஆனி, ஆடி மாதங்களின் மும்பை மேகமூட்டத்தையும் நம்புவதற்கில்லை. மேல்மாடம் வேண்டும், தெளிந்த வானம் வேண்டும். தாராவியின் பல சந்துகளில் கூரைகள் ஒன்றோடொன்று முட்டுவதால், நண்பகலிலும் தரையில் வெயில் விழுவதில்லை. அங்கே குழந்தைகளை வெயிலுக்கு வெளியே கொண்டுவரும் வேலையைக் காளான் தட்டு செய்துவிடாது.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில், காளான்களைக் கீரையோடும் காயோடும் சேர்க்காமல் தனிப் பிரிவில் வைத்திருக்கிறது. களப்பணியாளர்களின் கையேடுகளும் சுவர்ப்படங்களும் அவ்வழியையே பின்பற்றுவது முறையாகும். காளான் படத்தைக் காய்கறிக் கூடையில் வரைந்துவிட்டுப் பிறகு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, கூடைக்கு வெளியே தனியே வரைந்துவிடுவது எளிது.

எந்த உலகம் என்பதை அறிந்ததால் உண்ணத்தக்கது எது என்று அறிந்துவிட்டதாக மாணவர்கள் எண்ணிவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பங்களில், மழைக்குப்பின் கறையான் புற்றருகே காளான் பறித்துச் சமைத்த பழக்கம் மூத்தோர் நினைவில் இருக்கலாம். அந்த நினைவைக்கொண்டு நகரத்துப் புல்தரையில் பறிக்கலாகாது. மழைக்காலத்தில் புல்தரைகளில் பெரிய வெள்ளைக் குடையாக முளைக்கும் ஒரு காளான், குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்பது, உண்ட சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் உண்டாக்குவது. இளமையில் அதன் செதில்கள் வெண்மையாயிருந்து, முதிரும்போது சாம்பல் கலந்த பச்சையாகும். குடையை வெள்ளைத் தாளின்மேல் கவிழ்த்து ஓர் இரவு மூடிவைத்தால், பச்சை நிறத் தூள் தாளில் பதியும். இப்பச்சையும் பச்சையமன்று. தூள் பச்சையாக இல்லை என்பதால் ஒரு காளான் நல்லது என்றும் ஆகிவிடாது. மிகக் கொடிய காளான்கள் வெள்ளைத் தூள் உதிர்ப்பவை. வகுப்பில் இச்சோதனையைச் செய்தபின் கைகளைக் கழுவச் செய்து, காளானை அப்புறப்படுத்திவிட வேண்டும்.

எஞ்சியிருப்பது மாதுங்கா சந்தையில் எழுந்த வினாவின் இன்னொரு பாதி: சைவர் காளானை உண்ணலாமா? கைட்டின் இருக்கிறது, கிளைக்கோஜன் இருக்கிறது, விலங்குக்கு உறவு என்றெல்லாம் கேட்ட மாணவன் இதையும் கேட்பான். உறவு என்பது நூறு கோடி ஆண்டுக் கணக்கில் வைத்துச் சொல்லும் பேச்சு. காளானுக்கு நரம்பில்லை, தசையில்லை, இரத்தமில்லை. சட்டம் அதை அசைவம் என்று சொல்லவில்லை. ஆயினும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வெங்காயம், பூண்டு, காளான் மூன்றையும் மரபு கருதி விலக்கும் வீடுகள் உண்டு. அந்த விலக்கு உயிரியலிலிருந்து வந்ததன்று; உயிரியலைக் காட்டி அதை மாற்ற முயல்வதும், அதற்கு உயிரியல் சான்று தேடித் தருவதும் ஆசிரியரின் வேலையல்ல. அவ்வீட்டுக்குச் செல்லும் களப்பணியாளர் 30 கிராம் பருப்பின் கணக்கைக் கூறிவிட்டு, குழந்தைகளைக் காலை வெயில் ஏறியபின் சிறிது நேரம் மாடத்தில் விளையாட விடச் சொன்னால் போதும்.